இந்தப் படம் எந்த ஊர்?

படத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கழித்துக்கொண்டே போகும் வேலை. 'இது எங்கே எடுத்தது?' என்ற கேள்வியோடு ஒரு சுற்றுலாப் படம் வந்தால், பார்த்தவுடன் மனசுக்குள் ஓர் ஊர்ப்பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேயிலைத் தோட்டமென்றால் ஊட்டி, கடலோரக் கோயிலென்றால் மாமல்லபுரம். முதலில் வரும் அந்தப் பெயர் பல நேரம் தவறு. இதில் பழகியவர்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, படத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் எந்தெந்த ஊர்களை இல்லையென்று சொல்கிறது என்று பார்ப்பார்கள். பட்டியல் சுருங்கிச் சுருங்கி ஒன்றிரண்டு ஊர்கள் மிஞ்சிய பிறகுதான் காட்சியை நிலப்படத்தோடு ஒப்பிடத் தொடங்குவார்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம். குடும்பமாக நான்கு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம். ஓரத்தில் மூன்று வரி எழுதிய ஒரு பலகை, எழுத்து தெளிவாக இல்லை. தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகக் கடைகள். ஒரு கடையின் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. அதன் பெயர்ப்பலகையில் பாதி மறைந்த ஒரு தொலைபேசி எண். இடப்பக்கம் தேயிலைச் சரிவு, நடுநடுவே நெட்டையான சவுக்குமர நிழல். வலப்பக்கம் நிலம் சட்டென்று இறங்கி, வெகு கீழே வெளிறிய சமவெளியாக விரிகிறது. வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய படமாதலால், பெரிதாக்கினால் எல்லாம் கட்டங்கட்டமாக உடைகிறது.

தேயிலையிலிருந்து தண்டவாளத்துக்கு

தேயிலை என்ற ஒன்றை மட்டும் வைத்தால் பட்டியல் நீளமானது. நீலகிரி, வால்பாறை, மூணாறு, வயநாடு, இலங்கையின் மலையகம், வடக்கே டார்ஜிலிங், இமாசலத்தின் பாலம்பூர் எல்லாம் வந்துவிடும். மரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். சவுக்குமரம் என்று தோட்டக்காரர்கள் சொல்லும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தேயிலைக்கு நிழல் வேண்டுமென்று தோட்ட முதலாளிகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதை நட்டார்கள். கூடவே யூகலிப்டஸையும் நட்டார்கள். அதனால் இந்த மரங்களைப் பார்த்து 'மலைத்தோட்டம்' என்று சொல்லலாமே தவிர, பாக் நீரிணையின் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இயற்கைக் காட்சி தரும் துப்புகளில் இது அடிக்கடி நேரும் ஏமாற்றம். வெப்பநிலையும் மழையும் ஒத்த இடங்களில், மனிதன் நட்ட மரங்களும் ஒத்திருக்கும்.

தண்டவாளம் அப்படியல்ல. வால்பாறைக்கு ரயில் கிடையாது, வயநாட்டுக்கும் கிடையாது. மூணாற்றில் ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது; 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போன பிறகு மறுபடி போடவில்லை. தாத்தா காலத்துக் கறுப்புவெள்ளைப் படமென்றால் மூணாற்றையும் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும். கைப்பேசியில் எடுத்த வண்ணப் படத்துக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம். ஆக, ஒரே ஒரு பொருளால் மூன்று ஊர்கள் கழிந்தன. மிஞ்சியவை நீலகிரி, டார்ஜிலிங், பாலம்பூர், இலங்கை.

இந்த நான்கையும் பிரிக்கத் தண்டவாளத்தின் அகலமே போதும். டார்ஜிலிங் மலை ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருப்பது 610 மில்லிமீட்டர். பாலம்பூர் வழியாகப் போகும் காங்ரா பள்ளத்தாக்கு ரயிலுக்கு 762. நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது சரியாக 1000. இலங்கையிலோ கொழும்பிலிருந்து பதுளை வரை மலையேறும் பாதையும் அகலப் பாதைதான், 1676 மில்லிமீட்டர். படத்தில் அளவுகோல் இல்லையே என்றால், பக்கத்தில் நிற்கும் மனிதர்தான் அளவுகோல். அகலப் பாதையின் அகலம் ஏறக்குறைய ஓர் ஆளின் உயரம். மீட்டர் கேஜ் இடுப்பளவு. டார்ஜிலிங் பாதை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. இதைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. ஒப்பிடும் ஆளும் தண்டவாளத்தின் ஒப்பிடும் பகுதியும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதோடு, தண்டவாளத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் உள்ளதைவிடக் குறுகலாகத் தெரியும். அது கேமராவை நோக்கி நேராக வரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டுப் படத்தில் குடும்பத் தலைவர் தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கிறார். அவருடைய காலடிக்கு நேரே பாதையின் அகலம் அவர் காது வரையிலான உயரத்துக்குச் சமமாக வருகிறது. நீலகிரிப் பாதை இவ்வளவு அகலமாக இருக்க வழியே இல்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான பகுதியென்றால் நடுவில் பல்தண்டவாளமும் ஓடியிருக்கும். இங்கே அதுவும் இல்லை.

எழுத்தும் எண்ணும்

இப்போது அந்த மங்கலான மூன்று வரிப் பலகை உதவிக்கு வருகிறது. தமிழ்நாட்டு ரயில் நிலையப் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் இருக்கும். இலங்கைப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம். எழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும் அதன் உருவம் ஓரளவு தெரியும். இந்தி எழுத்துகள் மேலே ஒரு கோட்டில் தொங்கும். எவ்வளவு மங்கினாலும் அந்தக் கோடு பட்டையாகத் தெரியும். சிங்களத்தில் கோடு இல்லை, சுழிகளாக உருண்டு நிற்கும். படத்திலுள்ள பலகையில் பட்டைக் கோடு எங்கும் காணோம். தண்டவாளம் சொன்னதைப் பலகையும் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சாராத சாட்சிகள் என்பதால் இந்த ஒற்றுமைக்கு மதிப்பு அதிகம்.

பலகை வாசிக்கும்படி இருந்தால், தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 'பொலிஸ்', 'வெதுப்பகம்', 'புகையிரத நிலையம்' என்று எழுதியிருந்தால் அது இலங்கைத் தமிழ். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் இவற்றைக் காண்பது அரிது.

வாகனங்களும் பேசும், ஆனால் அவை ஊர்விட்டு ஊர் போகும் என்பதை மறக்கக் கூடாது. TN-43 நீலகிரிப் பதிவு, KL-68 தேவிகுளம் பதிவு, அதாவது மூணாறு வட்டாரம். ஆனால் விடுமுறை நாளில் மூணாற்றுச் சாலையில் நிற்கும் கார்களைப் படமெடுத்தால் பாதி தமிழ்நாட்டு எண்ணாகத்தான் இருக்கும். சுற்றுலா ஊரில் காரின் எண் எடுத்தவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லலாம். எங்கே வந்தார் என்பதைச் சொல்லாது. ஆட்டோ, பால்வண்டி, நகரப் பேருந்து போன்ற உள்ளூரிலேயே சுற்றும் வண்டிகளுக்குத்தான் சாட்சி மதிப்பு. இலங்கையென்றால் வண்டியின் முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள். பழைய தகடுகளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் மாகாணக் குறியும் இருக்கும்: UP என்றால் ஊவா, CP என்றால் மத்திய மாகாணம்.

நகராத சாட்சி கடைப்பலகைதான். அதில் பெயரைவிட எண்ணுக்கே நம்பகம் அதிகம். 'ஊட்டி வர்க்கி' என்ற பலகை எந்த ஊர் பேக்கரியிலும் தொங்கும். ஆனால் கடைக்காரர் தன் தொலைபேசி எண்ணைத் தவறாக எழுதிவைக்க மாட்டார். இந்தியாவில் தரைவழி எண்ணின் தொடக்கம் ஊரைச் சொல்லும்: உதகை 0423, வால்பாறை 04253, மூணாறு 04865, கொடைக்கானல் 04542. இப்போது பல கடைகளில் கைப்பேசி எண் மட்டும் இருப்பதால் இந்த வழி அடைபட்டு வருகிறது. அதற்குப் பதிலாக இன்னொன்று வந்திருக்கிறது. பதிவுபெற்ற கடைகள் பெயர்ப்பலகையில் ஜிஎஸ்டி எண்ணைப் போட வேண்டும். அந்தப் பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறி: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29. கூடலூருக்கும் வயநாட்டுக்கும் இடையே எல்லையோரக் கடைகளில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். மொழி குழப்பும் அந்த இடங்களில் இந்த இரண்டு இலக்கம் பேச்சை முடித்துவைக்கும்.

எடுத்துக்காட்டுப் படத்தின் கடைப்பலகையில் தெரிவது '057 2' வரைதான். இலங்கையில் ஹட்டன் வட்டாரத்துக்கு 051, நுவரெலியாவுக்கு 052, பதுளைக்கு 055, பண்டாரவளை வட்டாரத்துக்கு 057. இந்த மூன்று இலக்கம் மலையகத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ரயில் பாதையின் கடைசிப் பகுதிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மீதி இலக்கங்கள் தெரிந்திருந்தால் கடைக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கடைக்காரரைத் தொந்தரவு செய்யாமலே காட்சியை வைத்து மேற்கொண்டு போக முடியும்.

நிலமும் நிழலும்

நானுஓயாவைத் தாண்டிப் பதுளை நோக்கிப் போகும் பாதையில் பட்டிப்பொல, ஒகிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதர என்று நிலையங்கள் வரும். இவற்றில் உலகப் புகழ் பெற்றது எல்ல. அதன் அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. அதுதான் ஆபத்தும். ஒத்த படங்களைத் தேடித் தரும் கூகுள் லென்ஸ் போன்ற வசதிகளில் இந்த மாதிரிப் படத்தைப் போட்டால், முதலில் எல்ல என்றே வர வாய்ப்பு அதிகம். தேயிலையும் தண்டவாளமும் சேர்ந்த படங்களில் அந்த ஊர்ப் பெயரோடு இருப்பவையே ஏராளம். தேடல் தருவது ஒப்புமையை மட்டுமே. அதைச் சரிபார்க்க வேண்டிய பெயர்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம், விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிலத்தின் அமைப்பு வேறு கதை சொல்கிறது. பட்டிப்பொலவும் ஒகியவும் காட்டுக்கு நடுவே ஒதுங்கிய சின்ன நிலையங்கள். கடைவரிசைக்கு அங்கே இடமில்லை. இதல்கஸ்ஹின்ன மலைமுகட்டில் இருப்பதால் கீழே சமவெளி தெரியும், ஆனால் அங்கும் ஊரென்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பண்டாரவளையில் கடைகள் நிறைய உண்டு, ஆனால் அது மலைகளுக்கு நடுவிலான தாழ்வில் கிடக்கும் ஊர். தண்டவாளத்தின் பக்கத்திலிருந்தே சமவெளியைப் பார்க்க முடியாது. எல்ல நிலையத்தைச் சுற்றிலும் மலை. புகழ்பெற்ற எல்ல இடைவெளியைப் பார்க்க நிலையத்தைவிட்டு வெளியே வர வேண்டும். தண்டவாளம், அதை ஒட்டிய கடைவீதி, ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சட்டென்று இறங்கும் சரிவு என்று நான்கும் ஓரிடத்தில் சேர்வது அப்புத்தளையில்தான். மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பில், ஒரு முதுகு போன்ற முகட்டில் அமர்ந்த ஊர் அது. தாமஸ் லிப்டன் 1890-இல் கட்டிய தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை அதன் அருகில்தான் இருக்கிறது.

சமவெளி தெற்கே இருக்கிறது என்பதைப் படமே உறுதிசெய்கிறதா என்று நிழலை வைத்துப் பார்க்கலாம். வடக்கு அரைக்கோளத்தில் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று பள்ளியில் படித்தது தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஆண்டு முழுவதும் பொருந்தாது. கடகரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சியில் வரும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அப்புத்தளை இன்னும் தெற்கே, ஏறக்குறைய 6.8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்கில் எழுந்து, நாள் முழுவதும் வடபக்கமே நின்று, வடமேற்கில் மறையும். டிசம்பரில் இது தலைகீழ். காலையோ மாலையோ, நிழலில் வடக்குச் சாய்வு இருந்தே தீரும். ஆகவே மாதம் தெரிந்தால் போதும், மணி தெரிய வேண்டியதில்லை.

மாதத்தைச் சொல்வது அந்த நட்சத்திர விளக்கு. இலங்கையில் இதில் ஒரு பொறி உண்டு: மே மாத வெசாக் பண்டிகைக்கும் வாசலில் காகித விளக்குக் கூடுகள் தொங்கும். வெசாக் கூடு பெரும்பாலும் பல முகங்கள் கொண்ட கூடாகவும் அடியில் தாள் குஞ்சங்களோடும் இருக்கும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஐந்து முனைகளோடு இருக்கும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் வடக்கு தெற்காகிவிடும். படத்திலிருப்பது ஐந்து முனை நட்சத்திரம். எனவே டிசம்பர், அல்லது கழற்ற மறந்த ஜனவரி. இரண்டு மாதத்திலும் சூரியன் தென்பக்கமே. படத்தில் நால்வரின் நிழலும் சமவெளிக்கு எதிர்ப்பக்கம், தேயிலைச் சரிவை நோக்கி விழுகிறது. வெளிச்சம் சமவெளிப் பக்கமிருந்து வருகிறது என்றால் சமவெளி இருப்பது தெற்கே. அப்புத்தளைக்கு இது பொருந்துகிறது.

கடைசிக் கட்டம், கூகுள் எர்த்தில் கேமராவைத் தரையளவுக்கு இறக்கி, படமெடுத்தவர் நின்ற இடத்தில் நிறுத்தி, தொடுவானத்தின் வளைவுகளை ஒப்பிடுவது. 2018-இல் பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு, கேமரூன் நாட்டில் நடந்த ஒரு கொலைக் காணொளியின் இடத்தை இந்த வழியில்தான் உறுதிசெய்தது. காணொளியின் முதல் சில நொடிகளில் தெரிந்த மலைமுகட்டின் கோடு ஜெலேவெட் என்ற ஊருக்கு அருகில் அப்படியே பொருந்தியது. சுற்றுலாப் படத்துக்கு அவ்வளவு கடும் சோதனை வேண்டியதில்லை, ஆனால் முறை ஒன்றுதான்.

ஒப்பிடும்போது மலைகளின் பருமனைப் பார்க்கக் கூடாது. ஜூம் செய்து எடுத்தால் தூரத்து மலை முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். கைப்பேசியின் அகலக் கோணத்தில் அதே மலை எறும்புப் புற்றாகச் சிறுத்துவிடும். மாறாதது முகடுகளின் வரிசை: இடமிருந்து வலமாக எந்தப் பள்ளத்துக்குப் பின் எந்தக் கூம்பு, எது எதை மறைக்கிறது. கணினி நிலப்படத்தில் சின்னப் பாறைகள் வழுவழுப்பாகிவிடும் என்பதால் சிறு பற்கள் காணாமல் போவதைப் பொருட்படுத்த வேண்டாம். பெரிய இறக்கம் ஒன்று நிலப்படத்தில் இருந்து, வானம் தெளிவாக உள்ள படத்தில் இல்லையென்றால் அந்த இடம் தவறு. பொருந்தும் அம்சம் பத்து இருந்தாலும், பொருந்தாத அம்சம் ஒன்று விளக்கமின்றி நின்றால் மறுபடி முதலிலிருந்து பார்ப்பதுதான் நேர்மை.

முகடு எதிலுமே பொருந்தாவிட்டால், படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்ஃபி கேமராக்கள் சில அப்படியே புரட்டிச் சேமிக்கும். கடைப்பலகை இருந்தால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். வெறும் மலையும் மனிதர்களும் மட்டுமென்றால் ஆண்களின் சட்டைப் பித்தான் பக்கம், வண்டி போகும் பக்கம், கைக்கடிகார முள் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு சொல்லக்கூடியது: 'அப்புத்தளை, ரயில் நிலையத்துக்குப் பக்கம், டிசம்பர் அல்லது ஜனவரி.' எந்தக் கடை வாசல், எந்த ஆண்டு என்பதற்குப் படத்தில் ஆதாரமில்லை.

எதுவரை சொல்லலாம்

இதே படம் இரண்டு விதமாக வரலாம். பழைய கைப்பேசியைத் துடைத்துவைக்கும்போது ஒருவர் தன் குடும்பப் படத்தைக் கண்டெடுத்து, 'அண்ணா, சின்ன வயசுல போனது, எந்த ஊருன்னே ஞாபகமில்ல' என்று கேட்கலாம். அவருக்கு அப்புத்தளை என்று சொல்வதில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. இன்னொருவர், படத்திலுள்ள பெண்ணுக்கு உறவா நட்பா என்றே சொல்லாமல், நேற்று அவர் ஸ்டேட்டஸில் வைத்த படத்தை எடுத்து அனுப்பி இதே கேள்வியைக் கேட்கலாம். துப்பும் விடையும் ஒன்றே, ஆனால் இரண்டாமவருக்குக் கிடைப்பது ஓர் ஆள் இப்போது இருக்கும் இடம். அதனால் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்: படம் யாருடையது, கேட்பவர் படத்தில் இருக்கிறாரா, எடுத்து எவ்வளவு நாளாயிற்று. பதில் மழுப்பலாக வந்தால் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது போதும். காரணம் விளக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இந்த எச்சரிக்கை மிகையல்ல. ஜப்பானில் 2019-இல் ஓர் இளம் பாடகியைப் பின்தொடர்ந்து தாக்கிய ஒருவர் கைதானார். அவர் அந்தப் பெண் வெளியிட்ட செல்ஃபியைப் பெரிதாக்கி, கண்ணின் கருவிழியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தின் தோற்றத்தைக் கூகுள் ஸ்ட்ரீட் வியூவோடு ஒப்பிட்டு எந்த நிலையமென்று கண்டுபிடித்திருக்கிறார். வீட்டுக்குள் எடுத்த காணொளிகளில் திரைச்சீலையையும் சன்னல் வெளிச்சம் வரும் திசையையும் ஆராய்ந்திருக்கிறார். மேலே சமவெளியின் திசையைக் கண்டுபிடித்த அதே கணக்குதான். மலையூரின் பெயரைத் தரும் முறை, மொட்டைமாடியில் எடுத்த படத்தில் வீட்டின் கதவு எண் வரை தந்துவிடும். பின்னணியில் தண்ணீர்த் தொட்டி, கைப்பேசிக் கோபுரம், கோயில் கோபுரம் என்று மூன்று இருந்தால் போதும். குழந்தைகள் படத்தில் பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும் இதைவிட நேரடியானவை.

பல நேரம் துப்புத் துலக்கவே வேண்டியதில்லை. கோப்புக்குள்ளேயே இடம் எழுதியிருக்கும். கைப்பேசிக் கேமராவில் இடத்தைச் சேமிக்கும் வசதி திறந்திருந்தால், ஒவ்வொரு படத்தோடும் அகலாங்கும் நெட்டாங்கும் நேரமும் பதிவாகும். 2012 டிசம்பரில், பெலீஸ் போலீஸார் விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். அவரைச் சந்தித்த 'வைஸ்' இதழ் அவர் படத்தை வெளியிட்டது. படக்கோப்பிலிருந்த எண்களை நீக்க மறந்துவிட்டார்கள். குவாத்தமாலாவின் ரியோ டுல்சே பகுதியில் அவர் இருந்தது உடனே வெளிப்பட்டது. சில நாள்களில் அவர் கைதானார்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும். ஆனால் படம் தெளிவாக இருக்க வேண்டுமென்று அதையே 'Document' ஆக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும், இடத்தோடு சேர்ந்து. மின்னஞ்சல் இணைப்பும் அப்படித்தான். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் 'Options' என்பதைத் தொட்டு 'Location' என்பதை அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் கேமரா அமைப்பில் இடக்குறியை அணைத்தால், அதன்பின் எடுக்கும் படங்களில் பதிவாகாது. ஏற்கெனவே எடுத்தவற்றில் இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். கணினியில் துடைக்க விரும்புவோர் exiftool என்ற இலவச மென்பொருளில் இந்த ஒரு கட்டளையைப் பயன்படுத்தலாம்:

```
exiftool -all= photo.jpg
```

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. துடைத்த படத்தின் பக்கத்திலேயே photo.jpg_original என்ற பெயரில் பழைய கோப்பும் எல்லாத் தகவலோடும் காப்பாக நிற்கும். கோப்புறையை மொத்தமாக அனுப்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

விடை சொல்பவர் கையிலும் ஓர் அளவு இருக்கிறது. அகலாங்கு எண்ணில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் கொடுத்தால் ஏறக்குறைய 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவு. ஓரிலக்கம் என்றால் 11 கிலோமீட்டர். 'எங்கே எடுத்தது' என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் தேவை, அதற்கு ஓரிலக்கமே தாராளம். அரிய உயிரினங்களின் படங்களைச் சேகரிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. அழியும் நிலையிலுள்ள செடியையோ விலங்கையோ யார் படமெடுத்துப் போட்டாலும், மற்றவர்களுக்கு 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் காட்டும். சுமார் 22 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டம். வேட்டைக்காரர்களும் செடி திருடுபவர்களும் படத்தைப் பின்தொடர்ந்து வருவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. சுற்றுலாப் படத்தின் மூலையில் ஒரு காட்டு ஆர்க்கிட் பூத்திருந்தால், அங்கேயும் 'இந்த மலைத்தொடர்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விடையை எங்கே சொல்வது என்பதும் கவனிக்க வேண்டியது. கேள்வி இருபது பேர் உள்ள குழுவில் வந்திருந்தாலும் பதிலைக் கேட்டவருக்குத் தனியாக அனுப்பலாம். குடும்பம் இன்னும் பயணத்தில் இருக்கும்போது குழுவில் ஊர்ப்பெயர் வந்தால், அவர்கள் வீடு பூட்டிக்கிடக்கிறது என்ற செய்தியும் கூடவே போகிறது. அவர்கள் திரும்பி வந்த பிறகு பலகை, தண்டவாளம், நிழல் என்று கண்டுபிடித்த கதை முழுவதையும் குழுவிலேயே சொல்லலாம். படத்தில் தெரியும் விடுதிப் பலகையை மட்டும் பெயர் சொல்லாமல் விட்டுவிட்டால், அந்தக் குடும்பம் அடுத்த முறை அங்கேயே தங்கப் போனாலும் சிக்கல் வராது.